போரிவலிக்கு அப்பால் விழுந்தவள்

ஹேமாங்கியின் சுடிதார் இடது பக்கம் மட்டும் நனைந்திருந்தது. தோளில் தொடங்கி, கை வழியாக, விலாவைத் தொட்டு இடுப்பு வரைக்கும் ஈரம். வலது பக்கம் சலவைக்காரன் கொடுத்தபடி மொரமொரவென்று இருந்தது. விரார் வீட்டின் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கழற்றிய துணியை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தாள். பிப்ரவரி மாதம். மழை என்ற பேச்சே கிடையாது. ரயிலில் யாரும் தண்ணீர்ப் புட்டியைக் கவிழ்க்கவும் இல்லை. கவிழ்த்திருந்தால் இந்நேரம் அந்தப் பெட்டியில் ஒரு குருக்ஷேத்திரமே நடந்திருக்கும்.

முகர்ந்து பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டாள். வியர்வை. ஆனால் அவளுடையது இல்லை. பதினேழு வருஷமாகப் புறநகர் ரயிலில் போய்வருகிற பெண்ணுக்குத் தன் வியர்வை எது, அடுத்தவள் வியர்வை எது என்று தெரியாதா? இதில் ஒரு கெட்டுப்போன எண்ணெய் வாசனை கலந்திருந்தது. கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். கருவாட்டையும் சுறாவையும் முகம் சுளிக்காமல் கழுவுகிறவள். அவளே மூக்கைப் பொத்திக்கொண்டாள். அடைத்து வைத்த மீன் எண்ணெய் மாத்திரை டப்பாவைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அந்த நாற்றம்.

"என்ன ஹேமா, உள்ள தூங்கிட்டியா?" என்றான் கணவன் உமேஷ், கதவுக்கு வெளியிலிருந்து.

"துணி துவைக்கிறேன்."

"வந்ததும் வராததுமாவா?"

மூன்று தடவை சோப்புப் போட்டாள். மூன்றாவது தடவை அலசிப் பிழிந்தபோதும் அந்த இடத்தில் மட்டும் துணி பிசுபிசுவென்று இருந்தது. தோளையும் தேய்த்தாள். சிவந்து தோல் எரியும்வரை தேய்த்தாள். பிறகு துணியைக் குப்பைக் கூடையில் போட்டு, மேலே பழைய செய்தித்தாளைப் போட்டு அமுக்கினாள்.

அந்தப் பெண் ரயிலிலிருந்து விழுந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

*

சாயங்காலம் ஐந்து நாற்பதுக்குச் சர்ச்கேட்டில் கிளம்பும் விரார் விரைவு வண்டியில், நடுவே உள்ள பெண்கள் பெட்டியின் முதல் வாசல் ஒரு கூட்டத்துக்குச் சொந்தம். எந்தப் பலகையிலும் அப்படி எழுதி வைக்கவில்லை. ஆனாலும் சொந்தம். எட்டுப் பேர். எல்லாரும் வசாய்க்கு அப்பால் இருக்கிறவர்கள். தலைவி வைஜயந்தி, வைஜு அக்கா என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். மாநகராட்சி அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா, கனத்த உடம்பு, கனத்த குரல். அவளுக்கு அடுத்தபடி ஷர்வரி, வங்கியில் வேலை, காதில் எப்போதும் பாட்டு. மற்றவர்கள் வெந்தயக் கீரை ஆய்வார்கள், பட்டாணி உரிப்பார்கள், நவராத்திரிக்கு நாளுக்கொரு நிறத்தில் புடவை கட்டி வாசல் கம்பிக்கு மாலை போடுவார்கள். சிரிப்புக்கும் தின்பண்டத்துக்கும் குறைவில்லை.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. விரார் வண்டியில் போரிவலிக்காரி ஏறக் கூடாது. போரிவலிக்கு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி இருக்கிறது, விராருக்கு அப்படியா? தெரியாமல் எவளாவது ஏறிவிட்டால், போரிவலி வரும்போது வாசலில் எட்டுப் பேரும் தோளோடு தோள் சேர்த்துச் சுவராக நிற்பார்கள். வண்டி அரை நிமிஷம் நிற்கும். சுவர் அசையாது. வண்டி கிளம்பிவிடும். அந்த வண்டி போரிவலியை விட்டால் பாயந்தரில்தான் நிற்கும். அங்கே இறங்கி, படியேறி, பாலம் தாண்டி, எதிர் வண்டி பிடித்துத் திரும்பி வரட்டும். ஒரு தடவை பட்டால் ஜென்மத்துக்கும் ஏற மாட்டாள். இது பல வருஷமாக நடக்கிற பாடம்தான். பலரும் அழுதிருக்கிறார்கள், திட்டியிருக்கிறார்கள். யாரும் செத்ததில்லை.

விழுந்தவளின் பெயர் சுனைனா என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அந்தேரியில் மீன் எண்ணெய் மாத்திரை அடைக்கும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகாதவள். பிழைப்புக்காக வடக்கேயிருந்து வந்தவள். பலகையில் போரிவலி என்ற பெயரைப் பார்த்ததும் ஏறிவிட்டாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

விழுந்து பதினோராம் நாள்தான் ரயில்வே பாதுகாப்புப் படைக்காரர்கள் பெட்டிக்கே வந்தார்கள். போரிவலி நடைமேடைக் கேமராவில் வாசல் தெரிந்திருக்கிறது. கூடப் பயணம் செய்தவர் யாராவது தன் கைப்பட எழுதித் தர வேண்டும் என்றார்கள். மற்ற ஏழு பேரும் ஹேமாங்கியைப் பார்த்தார்கள். அவள் மெரின் லைன்ஸில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். கையெழுத்து அச்சுப் போல இருக்கும்.

"நீயே எழுதிடு ஹேமா. உனக்குத்தான் சட்டம் தெரியும்," என்றாள் வைஜு அக்கா. கீரைக் கட்டை மடியில் வைத்தபடி, கூட ஒரு வார்த்தை மெதுவாகச் சேர்த்தாள். "அளவா எழுது."

ஹேமாங்கி அளவாகத்தான் எழுதினாள். 'அன்று வண்டியில் மிகுந்த கூட்டம் இருந்தது. யாரோ ஒரு பெண் வாசலருகே இருந்ததாகத் தோன்றியது. அவர் எப்போது எப்படி வெளியேறினார் என்பதை நான் கவனிக்கவில்லை.' மூன்று வரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலம்தான் இந்த ஈரம் தொடங்கியது.

*

பிறகு தினமும்.

வண்டியில் அவளுக்கென்று ஓர் இடம் உண்டு. முதுகை வாசலோரத் தடுப்பில் சாய்த்துக்கொண்டால் வலது தோள் உள்ளே கூட்டத்தில் இருக்கும், இடது தோள் வெளிக்காற்றுப் பக்கம். அவளுக்கு இடப்புறம், படியின் விளிம்பில், இன்னும் ஒருத்திக்கு இடம். காற்று வாங்க அதுதான் சுகமான இடம்; ஷர்வரி பல வருஷமாக அங்கேதான் நிற்பாள். இப்போது நிற்பதில்லை. நடுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தேரி வந்தது. எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஒருத்தி முழங்கை இன்னொருத்தி வாயில், ஒருத்தி பை இன்னொருத்தி வயிற்றில், ஈரக் கூந்தல், காய்ந்த பூ, வாயைத் திறந்தால் மதியம் தின்ற வெங்காயம், அக்குளில் பவுடர் கரைந்து களியாக, உள்ளே நுழைய முடியாதவர்கள் இன்னும் உள்ளே நுழைந்துகொண்டே இருந்தார்கள். ஒரு காலைத் தூக்கினால் மறுபடி வைக்கத் தரை இருக்காது. அப்படிப்பட்ட பெட்டியில் ஹேமாங்கியின் இடது பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு வெற்றிடம் இருந்தது. யாரும் அதை நிரப்பவில்லை. பின்னாலிருந்து தள்ளப்பட்டு வருகிறவள்கூட அந்த இடத்தின் ஓரத்தில் வந்ததும் உடம்பைச் சுருக்கிக்கொண்டு வேறு பக்கம் சாய்ந்தாள். அங்கே ஒருத்தி நிற்பது போலவே எல்லார் உடம்பும் நடந்துகொண்டது. கண்கள் மட்டும் எதையும் பார்க்கவில்லை.

அந்த வெற்றிடத்திலிருந்து ஒரு சூடு வந்து ஹேமாங்கியின் தோளில் படும். ஆளின் சூடு. பிறகு எடை. முதலில் லேசாகத்தான், ரயில் குலுக்கும்போது அடுத்தவள் மேலே விழுந்து விலகுவது போல. பிறகு விலகாது. ஒட்டிக்கொள்ளும். துணி வழியாக ஈரம் ஊறும், மெதுவாக, தோளிலிருந்து கீழே கீழே. போரிவலி நெருங்கும்போது அந்த எடைக்கு மூச்சு வாங்கும். விலா ஏறி இறங்குவதை அவளால் தன் விலாவில் உணர முடிந்தது.

அவளுக்குப் பயத்தைவிட அருவருப்புத்தான் முதலில் வந்தது. அதைச் சொல்ல வேண்டும். இறந்து போனவள் என்ற இரக்கம் வரவில்லை. சீ, மேலே படாதே என்றுதான் மனசு கத்தியது.

அன்றைக்கும் அப்படித்தான் கத்தியது.

*

வெள்ளிக்கிழமை போன் வந்தது. வசாய் ரோடு ரயில்வே போலீஸ் ஸ்டேஷன். சப்-இன்ஸ்பெக்டர் கதம் என்று ஒரு பெண் குரல். நாளைக்குக் காலையில் வந்து போக முடியுமா?

சனிக்கிழமை போனாள். கதம் மேடத்துக்கு நாற்பது வயதிருக்கும். தூக்கமில்லாத கண், மேஜையில் ஆறிப்போன டீ. சுவரோரப் பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஒல்லி. சுவர்ச் சுண்ணாம்பு அவன் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் மாதாந்திர ரயில் பாஸ்.

"இவர் பிரிஜேஷ். அந்தப் பொண்ணோட வீட்டுக்காரர்," என்றாள் கதம். "உக்காருங்க. நீங்க எழுதிக் குடுத்ததைப் படிச்சேன். மூணு வரி. கையெழுத்து நல்லா இருக்கு."

ஹேமாங்கி உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு விஷயம் புரியணும்னு கூப்பிட்டேன். உடம்பு கெடச்சது தஹிசருக்கும் மீரா ரோடுக்கும் நடுவுல. முப்பத்தெட்டாம் கிலோமீட்டர், ஆறாம் நம்பர் கம்பம். பின்னாடி வந்த வண்டி ஓட்டுநர் பார்த்துட்டு அடுத்த ஸ்டேஷனுக்குச் சொல்லியிருக்கார். ஸ்டேஷன் மாஸ்டர் எங்களுக்கு எழுத்துல மெமோ குடுத்தார். சுமை தூக்குற ஆளுங்க ஸ்ட்ரெச்சரோட போனாங்க. சாட்சி வச்சு எழுதுற பஞ்சநாமா, பிரேத பரிசோதனை எல்லாம் ஆச்சு. மெமோவுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? 'தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டிருக்கலாம்.' ஏன்னா அவ ரயில்ல இருந்தான்னு சொல்ல ஆள் இல்ல."

"கேமராவுல..." என்றாள் ஹேமாங்கி.

"கேமராவுல உங்க வாசல் தெரியுது. எட்டு முதுகு தெரியுது. முதுகுக்குப் பின்னாடி யாரு இருந்தான்னு தெரியல." கதம் உறையை வாங்கி பாஸை வெளியே எடுத்தாள். "அதைவிடப் பெரிய சிக்கல் இது. பாஸ் அந்தேரியிலேர்ந்து போரிவலி வரைக்கும்தான். உடம்பு கெடச்சது போரிவலியத் தாண்டி நாலு கிலோமீட்டர். வீடு போரிவலி. அங்க அவளுக்கு என்ன வேலை? நாளைக்கு இவர் நஷ்டஈடு கேட்டு ரயில்வே தீர்ப்பாயத்துக்குப் போனா எதிர்த்தரப்பு மூணு கேள்வி கேக்கும். ரயில்லேர்ந்துதான் விழுந்தாளா? விழுந்தப்போ செல்லுபடியாகிற டிக்கெட் இருந்துதா? தானா குதிச்சாளா? மூணுக்கும் இவர்கிட்ட பதில் இல்ல. வாசல்ல கவனமில்லாம நின்னான்னு சொன்னாக்கூட ஒண்ணும் கெட்டுப்போகாது. கூட்டத்துல தவறி விழுந்தா அது விபத்துதான், சட்டம் அதை ஏத்துக்குது. ஆனா போரிவலியில எறங்க வேண்டியவ ஏன் எறங்கலன்னு யாராவது சொல்லணும்."

பிரிஜேஷ் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினான். "எங்க தெருவுல பேசிக்கிறாங்க, மேடம்," என்றான், ஹேமாங்கியைப் பார்த்து. "போரிவலியில எறங்காம யாரைப் பாக்கப் போனான்னு. எங்க அம்மாவே கேக்குறா. நான் என்ன சொல்ல?"

அவன் பேசியபோது அந்த வாசனை வந்தது. அவன் வீட்டிலும் அதே வாசனை புழங்கியிருக்கும், துணியில் ஏறியிருக்கும். அதற்குக் காரணம் இருக்கிறது என்று ஹேமாங்கி தனக்குள் சொல்லிக்கொண்டாள். இருந்தும் மூச்சை அடக்கிக்கொண்டாள். அப்படி அடக்கிக்கொண்டதற்காகத் தன்மீதே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

"பேப்பர் குடுங்க," என்றாள்.

*

இந்தத் தடவை மூன்று பக்கம் எழுதினாள். வக்கீல் அலுவலகத்தில் பதினேழு வருஷம் தட்டச்சு செய்தவளுக்கு எதை எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்று தெரியும்.

'மேற்படி பெண் அந்தேரியில் எங்கள் பெட்டியில் ஏறினார். போரிவலி வருவதற்கு முன்பே, இறங்க வேண்டும், வழி விடுங்கள் என்று நான்கைந்து முறை கேட்டார். வைஜயந்தி, ஷர்வரி முதலிய பெண்கள் வாசலை மறித்து நின்றனர். இது எங்கள் வண்டியில் வழக்கமாக நடப்பது. வண்டி போரிவலியில் நின்று கிளம்பும்வரை அவரால் இறங்க முடியவில்லை. ஆகவே அவர் தன் விருப்பமின்றியே போரிவலிக்கு அப்பால் கொண்டுசெல்லப்பட்டார். அவர் மது அருந்தியவராகவோ மனம் கலங்கியவராகவோ தெரியவில்லை. வண்டி கிளம்பிய பின், இறங்கத்தானே ஆசைப்பட்டாய், வாசலிலேயே நில் என்று கூறி அவரை விளிம்புக்கு அனுப்பினர். இடது கையால் மேல் கைப்பிடியைப் பிடித்திருந்தார். வலது கையில் சாப்பாட்டுப் பை இருந்தது. தஹிசரைத் தாண்டித் தண்டவாளங்கள் பிரியும் இடத்தில் பெட்டி பலமாகக் குலுங்கியது. கூட்ட நெரிசலில் பிடி நழுவி விழுந்தார். குதிக்கவில்லை. அபாயச் சங்கிலியை யாரும் இழுக்கவில்லை.'

எல்லாம் உண்மை. சங்கிலியை இழுக்க ஒரு கை மேலே போனதும், "வண்டி ஒரு மணி நேரம் நிக்கும்டி, பின்னாடி வர்றவன் பார்த்துச் சொல்லுவான்," என்று வைஜு அக்கா தடுத்ததும், ஷர்வரி காதிலிருந்து எடுத்த பாட்டுக் குமிழை மறுபடி காதில் வைத்துக்கொண்டதும், கீழே சிதறிய பட்டாணியை ஒருத்தி குனிந்து பொறுக்கியதும்கூட உண்மை. அதையும் எழுதினாள். எழுத எழுத மனசு லேசானது.

ஒன்றை எழுதவில்லை. விளிம்பில் நின்றவள் காற்றுக்குப் பயந்து உள்ளே நகர்ந்து நகர்ந்து ஹேமாங்கியின் மேல் வந்து சாய்ந்தாள். ஈரமான தோள், ஈரமான கை, அந்த நாற்றம். "அக்கா, கொஞ்சம் புடிச்சுக்கோங்க அக்கா," என்றாள், அவள் ஊர்ப் பேச்சில். ஹேமாங்கிக்கு உடம்பெல்லாம் கூசியது. இடது தோளால் அவளை ஒரு தள்ளுத் தள்ளினாள். பெரிய தள்ளல் இல்லை. ஓர் அங்குலம். மேலே படாமல் இருக்க ஓர் அங்குலம். அப்போதுதான் பெட்டி குலுங்கியது. திரும்பிப் பார்த்தபோது பக்கத்தில் யாரும் இல்லை. இடது பக்கத் துணி மட்டும் நனைந்திருந்தது.

கூட்ட நெரிசலில் பிடி நழுவி என்பதில் அந்த ஓர் அங்குலமும் அடக்கம்தானே என்று நினைத்துக்கொண்டாள். கூட்டத்தோடு கோவிந்தா. கையெழுத்துப் போட்டாள்.

கதம் இரண்டு தடவை படித்தாள். பிறகு, "இது போதும். மூணு கேள்விக்கும் பதில் இருக்கு," என்றாள். பிரிஜேஷ் எழுந்து வந்து ஹேமாங்கியின் காலைத் தொடக் குனிந்தான். அவள் பதறிப் பின்னால் நகர்ந்தாள்.

"நீங்க எங்க நின்னீங்க?" என்றாள் கதம், காகிதத்தைக் கோப்பில் வைத்தபடி.

"உள்ளே," என்றாள் ஹேமாங்கி.

*

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளுக்கு எந்த வாசனையும் வரவில்லை. உமேஷோடு உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டாள். முடிந்துவிட்டது என்று நம்பினாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் சர்ச்கேட்டில் ஏறியபோது அவளுடைய இடத்தில் வைஜு அக்கா நின்றிருந்தாள். முதுகு தடுப்பில். ஏழு பேரும் அவளையே பார்த்தார்கள். அவர்களைத் தேடியும் வீட்டுக்குப் போலீஸ் போயிருக்கிறது.

"எங்க பேரையெல்லாம் அழகா எழுதியிருக்கியாமே," என்றாள் வைஜு அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. "படிச்சுக் காட்டினாங்க. அழுகையா வந்துச்சு, ஹேமா. நெஜமாவே. தப்புன்னு ஒத்துக்கிட்டு எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டோம். ஆனா உன் பேரு அதுல எங்கடி?"

ஹேமாங்கி உள்ளே நகரப் பார்த்தாள்.

"போ. வெளிய நில்லு. காத்து வாங்கு."

வேறு எங்கும் இடமில்லை. விளிம்பில் போய் நின்றாள், உள்பக்கம் பார்த்தபடி, முதுகு காற்றுக்கு. மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

தாதர். பாந்திரா. அந்தேரியில் கூட்டம் அலையாக ஏறியது. போரிவலி வந்ததும் நடக்காத ஒன்று நடந்தது. எட்டுப் பேர் சுவர் இல்லை. வைஜு அக்காவே, "எறங்குறவங்க எறங்குங்கம்மா," என்று குரல் கொடுத்தாள். தெரியாமல் ஏறியிருந்த நாலைந்து பெண்கள் பயந்து பயந்து இறங்கிப் போனார்கள். தானும் இறங்கிவிடலாமா என்று ஹேமாங்கி நினைத்தாள். அதற்குள் ஏறுகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். வண்டி கிளம்பியது.

சக்கரச் சத்தம் ஏறியது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. கம்பங்கள் முதுகுக்குப் பின்னால் விசுக் விசுக்கென்று போயின. ஒவ்வொரு கம்பத்துக்கும் காற்று ஓர் அறை அறைந்தது.

தஹிசர் நிற்காமல் கடந்தது.

அப்போதுதான் கவனித்தாள். அவளுக்கு முன்னால் கூட்டம் விலகியிருந்தது. முதலில் ஓர் ஆள் அளவு. பிறகு இரண்டு. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி நசுக்கிக்கொண்டு, எதிர்ப்பக்க வாசல் வரைக்கும் பின்வாங்கிப் போனார்கள். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள், ஒரு சாண் இடத்துக்கு அடித்துக்கொள்கிறவர்கள். நடுவில் தரை தெரிந்தது. அந்தப் பெட்டியின் தரையை இந்த நேரத்தில் அவள் பார்த்ததே இல்லை. வெந்தயக் காம்பு ஒன்று, யாருடைய கிளிப்போ ஒன்று.

வாசனை வந்தது.

"ஷர்வரி," என்றாள். "என் கையைப் புடி."

ஷர்வரி அவளைப் பார்க்கவில்லை. ஒருத்தியும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் ஒரே இடத்தில் இருந்தது. ஹேமாங்கிக்கு ஓர் அடி முன்னால். ஒரு பெண் நின்றால் முகம் இருக்கும் உயரத்தில்.

"வைஜு அக்கா! நான்தான் அவளைத் தள்ளினேன். எழுதித் தர்றேன். நாளைக்கே போய் எழுதித் தர்றேன்!"

காற்று அதை வாங்கிக்கொண்டு போயிற்று. யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கைப்பிடி பிசுபிசுத்தது. எண்ணெய்.

வைஜு அக்கா பேசினாள். இவ்வளவு மென்மையான குரல் அவளிடம் இருப்பது யாருக்கும் தெரியாது. அவள் கண் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

"போம்மா. எறங்கு. நாங்க எல்லாரும் வழி விட்டுட்டோம்."

வழி இருந்தது. பெட்டியின் அந்தக் கோடியிலிருந்து வாசல் வரைக்கும், அகலமாக, காலியாக. மறித்துக்கொண்டு ஒருத்திதான் நின்றாள்.

வண்டி முழு வேகத்தில் இருந்தது. தண்டவாளம் பிரியும் இடம் வந்துகொண்டிருந்தது. ஹேமாங்கியின் மார்பில் ஈரமான ஒரு தோள் வந்து முட்டியது, இறங்க அவசரப்படுகிற ஒரு பெண்ணின் தோள். முட்டிவிட்டு, மரியாதையாக, நகரச் சொல்லிக் காத்திருந்தது.